தெரியாத கட்டளைக்கு என்ன பதில்?

கல்லடி, பாலமீன்மடுப் பக்கம் வாவியில் தொழில் செய்யும் எங்கட ஆக்களின் டெலிகிராம் குழுவில் இரண்டு பொட்கள் இருக்கின்றன. ஒன்று மழை, காற்று விபரம் சொல்லும். மற்றது மீன்விலை சொல்லும். யாரோ /vilai என்று கேட்டால், மழைப் பொட் குறுக்கே வந்து "தெரியாத கட்டளை" என்கிறது. அடுத்தவர் கேட்டாலும் அதே பதில்தான்.

காரணம் டெலிகிராமின் விதியில் இருக்கிறது. வழமையான அமைப்பில், பெயர் சேர்க்காத கட்டளை, குழுவில் கடைசியாகப் பேசிய பொட்டுக்கே போகும். "தெரியாது" என்று சொன்ன கணமே அந்தப் பொட் கடைசியாகப் பேசியதாகிவிடுகிறது. எனவே அடுத்த கட்டளையும் அதனிடமே வருகிறது.

இதற்கு நான் நம்பும் வழி இதுதான்: தெரியாத கட்டளையின் பின்னால் @ போட்டுத் தன் பெயர் இருந்தால் மட்டும் பொட் பதில் சொல்லட்டும், இல்லையேல் பேசாமல் இருக்கட்டும். பதிலும் இப்படி இருந்தால் போதும்:

```
இந்தக் கட்டளை என்னிடம் இல்லை.
உள்ளவை: /mazhai  /kaatru
```

அதே ஆள் திரும்பவும் பிழையாக அடித்தால், கொஞ்ச நேரத்துக்கு இதையும் அனுப்பக்கூடாது. காட்டும் கட்டளைகள் உண்மையில் வேலை செய்கின்றனவா என்று அமர்த்திப் பார்ப்பதும் அவசியம். /help என்று காட்டிவிட்டு அதை எழுதாமல் விட்டால், மனிசர் சுற்றிச் சுற்றி அதே பதிலுக்கே வந்து நிற்பார்கள்.

ஒன்று மட்டும் இதில் அடங்காது. டெலிகிராம் கட்டளையில் ஆங்கில எழுத்து, இலக்கம், அடிக்கோடு மட்டுமே செல்லும். எங்கட ஆக்கள் /மழை என்று தமிழில் அடித்தால் அது கட்டளையாகவே எடுபடாது. பொட்டுக்கும் போய்ச் சேராது. அதனால் இரண்டு பொட்களின் கட்டளைகளையும் குழுவின் மேலே பின் பண்ணி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.