பொத்தான் அவிழ்க்கும் அமிலம்

"இது ஆசிட்டுதானே? வச்சா பொசுங்கிப் போயிடும்ல?"

பார்மசி கவுன்டரில் மரு மருந்துப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பலரும் என்னிடம் கேட்பது இதைத்தான். ஆசிட் என்றாலே நம்மவர்களுக்கு பேட்டரித் தண்ணீர் ஞாபகம். என் தம்பியும் அப்படித்தான் நினைத்தான். அவனுக்கு உள்ளங்காலில், ஒரு பச்சைப் பட்டாணி அளவுக்கு மரு. வீட்டில் எல்லாரும் கால் ஆணி என்றார்கள். நேராக அழுத்தினால் வலிப்பது ஆணி, இரண்டு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் வலிப்பது மரு என்பது ஒரு தோராயமான கணக்கு. கிள்ளினேன், கத்தினான். மேலாக அரத்தால் தேய்த்துப் பார்த்தபோது சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. அம்மா அதை வேர் என்றார். வேர் இல்லை, உள்ளே இரத்தம் உறைந்துபோன நுண்குழாய்கள்.

சாலிசிலிக் அமிலம் எதையும் பொசுக்குவதில்லை. நம் தோலின் உச்சியில் இருப்பவை செத்துத் தட்டையான செல்கள். அவை உதிராமல் நிற்கக் காரணம், ஒன்றை ஒன்று பிடித்திருக்கும் புரதப் பிணைப்புகள். சட்டைப் பொத்தான் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரணமாக உடலின் நொதிகளே பொத்தான்களை மெல்ல அவிழ்த்துவிடும், நமக்குத் தெரியாமலே பழைய தோல் உதிரும். மருவில் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன, உதிர்வதைவிடச் சேர்வது அதிகம். அமிலம் செய்வது அந்தப் பிடியைத் தளர்த்துவதுதான். சட்டையைக் கரைப்பதில்லை, பொத்தானை அவிழ்க்கிறது. அதனால்தான் காலையில் பார்த்தால் கருகல் எதுவும் இருக்காது. ஊறி வெளுத்த தோல் மட்டும் இருக்கும், தேய்த்தால் மாவாக வரும்.

இது புரிந்தால் புட்டியில் எழுதியிருக்கும் வேலைகளுக்கும் காரணம் புரியும். தம்பி தினமும் இரவு வெந்நீரில் ஐந்து நிமிடம் காலை ஊறவைத்தான். ஊறிய தோலுக்குள் அமிலம் நன்றாக இறங்கும். பிறகு முந்தின நாள் தளர்ந்ததை அரத்தால் தேய்த்து எடுப்பான். தேய்க்காமல் விட்டால் மருந்து பழைய செத்த தோலிலேயே நின்றுவிடும். சுற்றியுள்ள நல்ல தோலுக்கு வாசலின், ஏனென்றால் அமிலத்துக்கு மருவும் தெரியாது, தோலும் தெரியாது. அப்புறம் மருவின் மேல் ஒரு சொட்டு. காய்ந்ததும் மெல்லிய படலமாகி அமிலத்தை அங்கேயே பிடித்துவைக்கும். அந்த அரத்தை வேறு யாரும் தொடக்கூடாது, வைரஸ் அதில் ஒட்டிக்கொண்டு வரும்.

மருவுக்குக் காரணமான வைரஸ் மேல்தோலின் அடியடுக்கில் உட்கார்ந்திருக்கிறது. இந்த அமிலம் அதைக் கொல்வதில்லை. தொற்றிய தோலை அடுக்கடுக்காக உரிக்கிறது, அவ்வளவுதான். ஆகவே மூன்று நாளில் ஒன்றும் ஆகாது. "வேலை செய்யலக்கா" என்று இரண்டாவது வாரமே புட்டியைத் தூக்கி வைக்கப் பார்த்தான். பன்னிரண்டு வாரம் வரை போகலாம் என்றேன். நடுவில் ஒரு முறை சிவந்து வலித்தது, நான்கு நாள் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தான். பத்தாவது வாரம் கறுப்புப் புள்ளிகள் போயிருந்தன. நான் தேடியது வேறொன்று: உள்ளங்கால் ரேகை. மரு இருக்கும் இடத்தில் ரேகை அறுந்து, சுற்றி விலகிப் போகும். அது மறுபடியும் குறுக்கே நேராக ஓடினால் மரு போய்விட்டது. ஓடியது. எல்லாருக்கும் இப்படி முடியும் என்று இல்லை. பன்னிரண்டு வாரத்திலும் அசையாத மருக்கள் உண்டு, அப்போது டாக்டர்தான்.

தங்கச்சியின் முகப்பருக் களிம்பில் இருப்பதும் இதே அமிலம்தான், ஆனால் 2 சதவீதம். மயிர்த்துளைக்குள் செத்த செல்களும் எண்ணெயும் சேர்ந்து அடைத்துக்கொள்கின்றன. சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையும், அதனால் அந்த அடைப்புக்குள்ளேயே போய்ப் பிடியைத் தளர்த்த முடிகிறது. சீக்கிரம் போகட்டும் என்று தம்பியின் புட்டியைக் கேட்டாள். தரவில்லை. 17 சதவீதத்தை முகத்தில் வைத்தால் தோல் புண்ணாகும். நம் நிறத்துக்குப் பரு போன பிறகும் அந்தக் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும்.

அப்பா கேட்டபோதுதான் எனக்குப் பயம் வந்தது. "மிச்சம் இருக்குல்ல, என் ஆணிக்கும் ஒரு சொட்டு வச்சி விடும்மா." அப்பாவுக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருடம். தம்பிக்கு நல்ல தோல் வரை அமிலம் போனதும் வலித்தது, நிறுத்தினான். அந்த வலிதான் காவல். சர்க்கரையில் நரம்பு மரத்த காலில் அந்தக் காவல் இருக்காது. பொத்தான் அவிழ்ந்துகொண்டே போகும், புண் ஆழமான பிறகு காலுறையில் ஈரம் பார்த்துத்தான் தெரியும். இரத்த ஓட்டமும் குறைவாக இருந்தால் அந்தப் புண் ஆறுவதும் கஷ்டம். சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது என்று புட்டியிலேயே, பொடி எழுத்தில், போட்டிருக்கிறது.

"அவனுக்கு வச்ச, எனக்கு வைக்க மாட்டியா?" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சனிக்கிழமை கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். நர்ஸ் அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் ஒவ்வொரு இடமாகத் தொட்டார். தொடும்போதெல்லாம் "ஆமா" சொல்ல வேண்டும். குதிகாலில் சொன்னார், நடுப்பாதத்தில் சொன்னார். ஆணி இருந்த பெருவிரல் அடியில் இழை வளையும்வரை அழுத்தினார். அப்பா கண்ணை மூடியபடி, அடுத்த தொடுகைக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.