பிறையும் லீவுக் கடிதமும்



2025 நோன்பின் கடைசிப் பத்தில், எங்களிடம் படித்த தம்பி ஒருவர் பனிச்சங்கேணிக்கு வந்தார். ஹோட்டலொன்றில் வேலை. “பிறை கண்டால் லீவு வேண்டும்” என்று எழுதிய கடிதத்தை மெனேஜர் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். திகதி இல்லையாம்.

மெனேஜரில் பிழையில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் துல்ஹஜ் பத்தாம் நாள் என்பதால் ஒரு கிழமைக்கு முன்பே தெரிந்துவிடும். நோன்புப் பெருநாளோ முதல்நாள் மஃரிபுக்குப் பிறகுதான் உறுதியாகும். ரோஸ்டரை அதற்கு முன்பே போட்டாக வேண்டுமே.

ஆகவே இப்படி எழுதிக் கொடுத்தோம்:

“ஐயா, ஞாயிறு மாலை பிறை தென்பட்டால் மார்ச் 31 திங்கள் பெருநாள். இல்லாவிட்டால் ஏப்ரல் 1 செவ்வாய். இரண்டில் ஒரு நாள் மட்டுமே லீவு கேட்கிறேன், மற்ற நாள் வேலைக்கு வருவேன். கொழும்பு பெரிய பள்ளிவாசலின் அறிவிப்பு வந்தவுடன் தங்களுக்குக் கோல் எடுத்துச் சொல்வேன். எந்த நாளானாலும் எனக்குப் பதிலாக நிற்க ஒருவர் சம்மதித்துள்ளார்.”

யாருடைய அறிவிப்பு என்பதையும் எழுத வேண்டும். 2013இல் கிண்ணியாவில் பலர் ஆகஸ்ட் 8இல் பெருநாள் எடுத்தார்கள். நாட்டின் மற்றப் பக்கங்களில் 9.

மெனேஜர் கையெழுத்து வைத்தார். ஞாயிறு இரவு அறிவிப்பு வந்தது. தம்பி திங்கள் உம்மாவுடன் பெருநாள் எடுத்துவிட்டு, செவ்வாய் வேலைக்குப் போனார்.