யாருடைய கணக்கில் இருக்கிறது பணம்?

லீட்ஸ், இங்கிலாந்து

அன்புள்ள வாசகர்களுக்கு,

செப்டம்பரில் இங்கே படிக்க வரப்போகும் பிள்ளைகளின் வீடுகளிலிருந்து கோடை பிறந்ததும் எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சித்தப்பா பணம் தருகிறார், விசா படிவத்தில் ஸ்பான்சர் என்று அவர் பெயரைப் போடலாமா?"

போடக்கூடாது. பிரிட்டன் மாணவர் விசாவைப் பொறுத்தவரை, திருமணமாகாத பிள்ளை காட்டும் சேமிப்பு அவர் பெயரிலோ, பெற்றோர் பெயரிலோ, சட்டப்படியான காப்பாளர் பெயரிலோ இருக்க வேண்டும். சித்தப்பா, மாமா, அண்ணன், தாத்தா யாருடைய கணக்கும் செல்லாது. படிவம் 'அதிகாரபூர்வ நிதி ஸ்பான்சர்' உண்டா என்று கேட்பது அரசு, பல்கலைக்கழகம், பிரிட்டிஷ் கவுன்சில், பன்னாட்டு நிறுவனம் போன்றவற்றின் உதவித்தொகையைப் பற்றி. அப்பா செலவு செய்கிறார் என்றால் அங்கே 'இல்லை' என்பதே சரியான விடை. அப்பாவின் பணத்தைப் பெற்றோர் கணக்கு என்ற இடத்தில்தான் காட்ட வேண்டும்.

கும்பகோணத்து நண்பர் மகனின் கணக்கையே சொல்கிறேன். லீட்ஸில் ஓராண்டு முதுகலைப் படிப்பு. கட்டணம் 24,000 பவுண்டு. முன்பணமாகக் கட்டிய 6,000, பல்கலைக்கழகம் வழங்கிய சேர்க்கை உறுதிச் சான்றில் பதிவாகியிருந்ததால் மீதி 18,000. வாழ்க்கைச் செலவுக்கு லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கு 10,539. (2025 நவம்பரில் உயர்த்தப்பட்ட தொகை இது, லண்டன் என்றால் 1,529.) ஆக மொத்தம் 28,539 பவுண்டு. பவுண்டு 120 ரூபாய் என்று வைத்தால் ஏறத்தாழ 34 லட்சத்து 25 ஆயிரம். ஆனால் விண்ணப்பிக்கும் நாளின் மாற்று விகிதத்தைத்தான் பார்ப்பார்கள். அன்று பவுண்டு 124 ஆகிவிட்டால் ஒரு லட்சத்துக்கு மேல் குறையும். அதனால் இரண்டு லட்சமாவது கூடுதலாக வைக்கச் சொன்னேன்.

நண்பரிடம் இருந்தது 25 லட்சம். மஸ்கட்டில் இருக்கும் தம்பி 12 லட்சம் தர முன்வந்தார். தம்பி கணக்கைக் காட்ட முடியாதே தவிர, அவர் அண்ணன் கணக்குக்கு அனுப்பிவிட்டால் தடையில்லை. 37 லட்சமும் சேர்ந்த நாள் ஜூன் 3. அன்றிலிருந்து 28 நாள், ஒருநாள்கூட இருப்பு தேவையான தொகைக்குக் கீழே இறங்கக்கூடாது. ஜூன் 30-இல் 28 நாள் நிறைவு. அந்த நாளோடு முடியும் வங்கி அறிக்கையை வைத்து 31 நாளுக்குள், அதாவது ஜூலை 31-க்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

இதில் நான் அதிகம் பயப்படுவது தானாகக் கழியும் தவணைகளைத்தான். பத்தொன்பதாம் நாள் வீட்டுக்கடன் தவணை போய், இருப்பு ஒரே ஒரு நாள் குறைந்துவிட்டால், மறுநாள் பணம் போட்டாலும் 28 நாளையும் புதிதாக எண்ண வேண்டும். எனவே அந்தக் கணக்கிலிருந்து தவணை, காப்பீடு எதுவும் போகாமல் முதலிலேயே மாற்றிவிடுங்கள். நிலம், நகை, பங்கு, வருங்கால வைப்புநிதி ஆகியவற்றின் மதிப்பு கணக்கில் சேராது. விற்றுப் பணமாக்கி வங்கியில் போட்ட பிறகுதான் 28 நாள் தொடங்கும்.

தம்பி அனுப்பிய 12 லட்சம் அறிக்கையில் தனியாகத் தெரியும். அதை மறைக்க முயல்வது பெரும் தவறு. அனுப்பியவர் யார், என்ன உறவு, திருப்பித் தர வேண்டிய பணமா என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, அவர் கையொப்பமிட்ட கடிதத்தையும் சம்பளச் சான்றையும் சேர்த்து வையுங்கள். நேர்காணலில் கேட்டால் பிள்ளையும் அதையே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இருபது வயதுப் பிள்ளையிடம் வீட்டுப் பணவிவரத்தை மறைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. இங்கே அதை விட்டுவிடத்தான் வேண்டும்.

பெற்றோர் கணக்கென்றால் பிறப்புச் சான்றிதழும், உறவைச் சொல்லிப் பணத்தைப் பயன்படுத்தச் சம்மதிக்கும் பெற்றோர் கடிதமும் கட்டாயம். நம் ஊர்ப் பிள்ளைகள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். பிறப்புச் சான்றில் தந்தை பெயர் முதலெழுத்தோடு, வங்கியில் முதலெழுத்து விரிந்து, பிள்ளையின் கடவுச்சீட்டில் வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கும். மூன்றும் ஒரே ஆள் என்பது நமக்குத் தெரியும், கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்குத் தெரியாது. தந்தையின் கடவுச்சீட்டு நகலையும் மூன்று பெயரும் ஒருவருடையதே என்ற உறுதிமொழிப் பத்திரத்தையும் இணைப்பது நல்லது. சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் முழு மொழிபெயர்ப்பு வேண்டும். அது சரியானது என்ற உறுதிமொழி, தேதி, மொழிபெயர்த்தவரின் பெயர், கையொப்பம், தொடர்பு விவரம் அதில் இருக்க வேண்டும். பிள்ளையின் பெயரே பதியாத பழைய சான்றென்றால் உள்ளாட்சி அலுவலகத்தில் பெயர் சேர்க்க நாளாகும். ஆகவே சேர்க்கைக் கடிதம் வரும்வரை காத்திராமல் அந்தச் சான்றிதழை இன்றே எடுத்துப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மடலாசிரியர்