ஒரே முகூர்த்தத்தில் ரெண்டு கல்யாணம்... போட்டோகிராபர் அண்ணன் என்ன செய்வார்?

ஆவணி, தை, வைகாசி மாதங்களில் நல்ல முகூர்த்த நாள் ஒன்று வந்தால் மண்டபம் கிடைக்காது, சமையல்காரர் கிடைக்க மாட்டார், நாதஸ்வரக்காரர் கிடைக்க மாட்டார். போட்டோகிராபரும் அப்படித்தான். ஆடியிலும் மார்கழியிலும் ஈ ஓட்டிக்கொண்டு இருப்பவருக்கு, ஆவணியில் ஒரே தேதிக்கு மூன்று வீட்டிலிருந்து போன் வரும். மூன்றையும் அவரால் எடுக்க முடியாது. காலை 9 மணியிலிருந்து 10.30 மணிக்குள் முகூர்த்தம் என்றால் எல்லா ஊரிலும் அதே நேரத்தில்தான் தாலி ஏறும்.

தேவிபட்டினத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் என் பெரியப்பா மகனின் தொழிலை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் வேலை பார்ப்பது டிஜிட்டல் செய்திப் பிரிவில். ஆனால் அண்ணனுடைய பில், கணக்கு, வாட்ஸ்அப் ஒப்பந்தம் எல்லாம் ராத்திரி என் போனுக்குத்தான் வரும். "பாப்பா, இதைக் கொஞ்சம் நல்ல தமிழ்ல எழுதிக் குடு" என்று ஆரம்பித்தது, இப்போது முழுக் கணக்குப்பிள்ளை ஆகிவிட்டேன்.

கையில் இருப்பதைவிடக் கூடுதலாக வேலை வரும்போது இன்னொரு போட்டோகிராபரை அனுப்புவது இந்தத் தொழிலில் புதிது இல்லை. எல்லோரும் செய்கிறார்கள். எப்படி அனுப்புகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். போன ஆவணியில் அண்ணன் ராமநாதபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தார். அதே தேதிக்கு, இங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அந்த மண்டபத்துக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி, நம்மூரிலேயே இன்னொரு வீட்டில் கேட்டார்கள். அக்கா கல்யாணத்தை அண்ணன்தான் எடுத்தார், தங்கை கல்யாணத்தையும் அவரே எடுக்க வேண்டும் என்று. மறுக்க முடியாத வீடு.

பரமக்குடியில் ஒரு தம்பி தனியாக வேலை செய்கிறார், நன்றாக எடுப்பார் என்று தெரியும். ஆனால் இன்ஸ்டாகிராமில் பார்த்து அண்ணன் யாரையும் எடுக்க மாட்டார். அதில் இருப்பது முப்பது கல்யாணத்தில் பொறுக்கிய முப்பது படம். அண்ணன் கேட்பது ஒரே கல்யாணத்தின் முழு ஃபோல்டர். திருத்தாதது, கழிக்காதது, இரண்டாயிரம் படம் இருந்தாலும் அப்படியே. ஆடியில் கல்யாணம் இல்லாததால் இந்த வேலைக்கு அவருக்கு நேரம் இருக்கும். அமாவாசைக்கு நவபாஷாணத்துக்கு வரும் கூட்டம் கடைக்கு வெளியே போய்க்கொண்டிருக்கும். உள்ளே இவர் யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்தை முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

முழு ஃபோல்டரில்தான் ஆளின் கை தெரியும் என்பார். தாலி கட்டும் நேரம் எல்லோரும் எழுந்து நின்று அட்சதை போடுவார்கள், வீடியோகாரர் குறுக்கே வருவார். அந்த அரை நிமிடத்தில் முடிச்சும் பெண்ணின் முகமும் சேர்ந்து ஒரு படத்திலாவது இருக்கிறதா? முடிச்சு விழுந்ததும் பெண்ணின் அம்மா முகத்துக்குக் கேமரா திரும்பியிருக்கிறதா, இல்லை அதே இடத்தில் இருபது படம் அடித்திருக்கிறதா? ஹோமப் புகையும் வீடியோ லைட்டும் சேரும்போது நம் நிறத்து முகங்கள் வெளுத்துப் போய் மாவு பூசின மாதிரி ஆகியிருக்கிறதா? சாப்பாட்டுப் பந்தி, செருப்புக் குவியல் என்று 'கலை'ப் படங்கள் நிறைய இருந்து தாய்மாமன் சீர் இரண்டே படம்தான் என்றால், அந்த ஆள் வேண்டாம். பரமக்குடித் தம்பியின் ஃபோல்டரில் தாய்மாமன் நிறையவே இருந்தார்.

ஆள் முடிவானதும் அண்ணன் செய்த முதல் வேலை, அந்த வீட்டுக்குப் போய்ச் சொன்னது. "முகூர்த்தத்துக்கு நான் வர முடியாது மாமா. இந்தத் தம்பி வருவாரு. அவர் எடுத்த முழுக் கல்யாணம் இது, பாத்துக்கங்க. படம் பொறுக்குறது, ஆல்பம் எல்லாம் நான்தான். சாயங்காலம் ரிசப்ஷனுக்கு நானே நிப்பேன்." பெண்ணின் அப்பா உடனே, "அப்ப 10,000 குறைச்சுக்கங்க தம்பி" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. அண்ணன் குறைக்கவில்லை. ஏன் என்பதற்குக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

பேக்கேஜ் 70,000 ரூபாய். ஆல்பம் பிரின்ட் 14,000, படம் திருத்தி ஆல்பம் வடிவமைக்க 6,000, வீடியோகாரருக்கு 8,000, வீடியோ எடிட்டிங் 7,000, இரண்டாவது கேமராவோடு நிற்கும் உதவியாளருக்கு 3,000, வண்டி சாப்பாடு 2,000. ஆக 40,000 செலவு. அண்ணனே எடுத்தால் 30,000 மிஞ்சும். தம்பிக்கு 9,000 கொடுத்தால் 21,000. இதில் 10,000 தள்ளுபடி போனால் 11,000. அந்த 11,000-க்கு அவர் இரண்டு நாள் உட்கார்ந்து படம் பொறுக்க வேண்டும், ஆல்பம் முடியும் வரை வீட்டாருக்குப் பதில் சொல்ல வேண்டும், ஏதாவது கெட்டுப்போனால் பெயரும் அவருடையதுதான் போகும். கல்யாணத்தை மறுபடி நடத்தச் சொல்லவும் முடியாது. "எடுக்குறதுக்கான கூலி அவனுக்கு. இது சரிபார்க்குறதுக்கும் பொறுப்புக்கும் உள்ள கூலி" என்றார்.

தம்பிக்கு 6,000 கொடுத்திருந்தால் இன்னும் 3,000 மிஞ்சியிருக்குமே என்று கேட்டேன். முகூர்த்த நாளில் 9,000 வாங்கும் ஆளுக்கு 6,000 பேசினால், அதற்கு மேல் தருகிறேன் என்று வேறு யாராவது கூப்பிட்டதும் முதல் நாள் ராத்திரி அவருக்குக் காய்ச்சல் வரும். இது அண்ணன் சொன்ன பதில். மீதிப் பணத்தை வீட்டார் ஆல்பம் வந்த பிறகுதான் தருவார்கள், இரண்டு மாதம்கூட ஆகும். அதற்காகத் தம்பியைக் காக்க வைக்கவில்லை. கார்டை ஒப்படைக்கும்போது பாதி, ஒரு வாரத்தில் மீதி. அதனால் அட்வான்ஸ் வாங்கும்போதே வெளியாள் கூலிக்குப் போதுமான தொகையை வாங்கிவிட வேண்டியிருக்கிறது.

கணக்கில் இன்னொன்றும் உண்டு. சேவைத் தொழிலுக்கு நம் மாநிலத்தில் வருடத்துக்கு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். அந்த 20 லட்சத்தில் கையில் நிற்கும் 21,000-ஐச் சேர்க்க மாட்டார்கள், பில் போட்ட முழு 70,000-ஐயும் சேர்ப்பார்கள். இப்படி 28 கல்யாணம் என்றால் 19,60,000. 29-வது கல்யாணம் தாண்டிவிடும். வெளியாட்களை வைத்து எண்ணிக்கையைக் கூட்டுகிறவர்கள் இந்தக் கோட்டை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

முதல் நாள் சாயங்காலமே தம்பியை வரச் சொல்லி மூன்று கேமராவையும் மேஜையில் வைத்தார். எல்லாவற்றிலும் ஒரே போனைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரி செய்தார். பிறகு கம்ப்யூட்டரில் நேர வரிசைப்படி அடுக்கும்போது ஒரு கேமரா ஏழு நிமிடம் முந்தியிருந்தால், மாலை மாற்றுவதற்கு முன்னால் தாலி கட்டிய மாதிரி படம் வரும். இரண்டாயிரம் படத்தில் அதைப் பிரிப்பது நரகம், நான் பார்த்திருக்கிறேன். வீடியோவுக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மண்டபத்து விளக்கு நொடிக்கு நூறு தடவை மின்னும். போனில் இருக்கிற மாதிரி 30 ஃப்ரேம், 1/60 என்று வைத்தால், மலிவான எல்.இ.டி. விளக்கின் கீழ் திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடும். எடுத்த பிறகு அதை நீக்குவது கஷ்டம். ஸ்டில் எல்லாம் ரா ஃபைலில்தான். வெளுத்த முகத்தை ஓரளவு காப்பாற்றலாம்.

கூடவே ஒரு தாள். தாய்மாமன்கள் யார், பெரியத்தை யார், யார் யாரோடு பேசுவதில்லை, எந்தத் தாத்தாவின் போட்டோவுக்கு முன்னால் பெண் கும்பிடுவாள் என்று. அந்த வீட்டிலிருந்து ஒரு சின்னப் பையனையும் கேட்டு வாங்கினார், ஆளைக் காட்டிக் கொடுக்க. வெளியூர்க்காரருக்கு முகம் தெரியாது, அவர் என்னதான் செய்வார்?

கார்டு மட்டும் எப்போதும் அண்ணனுடையது. இரண்டு கார்டு போடும் கேமராவாக இருக்க வேண்டும், இரண்டிலும் ஒரே படம் பதிய வேண்டும். பந்திக்கு உட்காருவதற்கு முன்னால் உதவியாளர் ஒரு கார்டை வாங்கி ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிடுவார். இன்னொன்று தம்பி கேமராவிலேயே இருந்து சாயங்காலம் கடைக்கு வரும். இரண்டும் ஒரே பையில் பயணம் செய்யாது. ஆல்பம் வீட்டுக்குப் போகும் வரை கார்டை அழிப்பதில்லை.

படத்தைத் தம்பி தன் இன்ஸ்டாகிராமில் போடலாமா? 1957-ம் வருடத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவைப் படித்தபோது எனக்கே ஆச்சர்யம். கட்டுரையோ கதையோ என்றால் எழுதிய ஃப்ரீலான்ஸருக்குத்தான் முதல் உரிமை. ஆனால் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். அதனால் நான் எழுதிக் கொடுத்த வாட்ஸ்அப் செய்தியில், வீட்டார் சம்மதித்த பத்துப் படங்களை ஆல்பம் கொடுத்த பிறகு தம்பி தன் பெயரில் போட்டுக்கொள்ளலாம், மற்றவை கூடாது என்று இருந்தது. பத்துப் படமும் இல்லை என்றால் நல்ல ஆள் ஏன் வரப்போகிறார்?

'அண்ணனின் வாடிக்கையாளர்களுக்கு இனி வேலை செய்யக் கூடாது' என்று ஒரு வரி சேர்க்கலாமா என்றும் கேட்டேன். ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தத்தை 1872-ம் வருடத்து ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு செல்லாது என்கிறது. எழுதினாலும் பயன் குறைவு. அண்ணன் வேறு வழி வைத்திருக்கிறார்: அந்த வீட்டிலிருந்து தம்பிக்கு நேராக வேலை வந்தால் சொல்லிவிட்டுச் செய்யலாம், அண்ணனுக்கு ஒரு சின்னத் தொகை. ஒளித்துச் செய்ய வேண்டிய அவசியம் இல்லை.

இந்த முறை மொத்தமும் செல்லாத இடம் ஒன்று உண்டு. எங்கள் ஊரில் நிக்காஹ் நிறைய. பெண்கள் பக்கம் எடுக்கப் பெண் போட்டோகிராபர்தான் வேண்டும், அந்தப் படத்தை ஆண்கள் பார்க்கவும் கூடாது என்று சில வீடுகளில் சொல்வார்கள். ராமநாதபுரத்து அக்கா ஒருவரை அண்ணன் சொல்லிவிடுவார். அங்கே பொறுக்குவதும் திருத்துவதும் அவரே, கார்டு அவருடையது, படம் பென்டிரைவில் பெண்ணின் அம்மா கைக்குப் போகும். அண்ணன் ஒரு படத்தைக்கூடப் பார்ப்பதில்லை. அதனால் பேக்கேஜில் அதைச் சேர்ப்பதும் இல்லை, வீட்டார் அந்த அக்காவுக்கே நேராகக் கொடுத்துவிடுவார்கள். பார்க்காத வேலைக்கு எதற்குக் கமிஷன் என்பார். முதல் தடவை அந்த அக்கா எடுத்த சாம்பிளை என்னிடம்தான் காட்டச் சொன்னார். முகம் எல்லாம் சரியான நிறத்தில் இருக்கிறதா, நகைக்குப் போட்ட வெளிச்சத்தில் கண் இருட்டாகிறதா என்று பார்க்கச் சொல்லி அனுப்பினார்.

நம்மூர்த் தங்கை கல்யாணத்தின் ஆல்பம் ஐப்பசியில் போனது. அண்ணன் பொறுக்கிய படங்களில் மூன்று பெரியப்பாக்களும் இருந்தார்கள், சண்டையில் இருந்த இருவர் வேறு வேறு பக்கங்களில். இந்தத் தையில் பரமக்குடித் தம்பிக்கே ஒரே நாளில் இரண்டு கல்யாணம் வந்து, அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணனுக்கு அன்று வேலை இல்லை.

"வர்றேன்டா. 9,000. கார்டு உன்னோடது, பட்டியல் முதல் நாளே அனுப்பு" என்றார்.