கடைசித் தேதி என்பது கடைசித் தேதி அல்ல!

ஆயுத பூஜை நெருங்கினால் எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவுக்கு மேலிடத்திலிருந்து ஒரு படம் வந்துவிடும். மத்தாப்பு, அகல் விளக்கு, சிரித்துக்கொண்டே பார்சல் வாங்கும் ஒரு குடும்பம். கீழே இரண்டு வரி: ‘உங்கள் அன்பு தீபாவளிக்கு முன்பே சேரட்டும்! பார்சல் அனுப்பக் கடைசி நாள் அக்டோபர் 16.’ இதை அப்படியே எங்கள் கிளையின் பக்கத்தில் போட வேண்டும். அதுதான் என் வேலைகளில் ஒன்று. மற்ற நேரத்தில் நான் பழனி அடிவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு கூரியர் அலுவலகத்தின் புக்கிங் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவள்.

போன வருடம், அதாவது 2025 தீபாவளிக்கு, அந்த இரண்டு வரியை அப்படியே போட எனக்கு மனம் வரவில்லை. 16-ம் தேதி என்றால் எந்த ஊருக்கு? பக்கத்து உடுமலைக்கும் அதே தேதி, டெல்லிக்கும் அதே தேதியா? 16-ம் தேதி காலையா, இரவு கடை சாத்தும் நேரமா? இதையெல்லாம் கேட்பதற்கு வாடிக்கையாளர் மேலிடத்துக்குப் போக மாட்டார். என் கவுன்டருக்குத்தான் வருவார்.

தேதியைப் பண்டிகையிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. 19 ஞாயிறு, எங்களுக்கு டெலிவரி இல்லை. ஆகவே பார்சல் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டிய உண்மையான நாள் 18, சனிக்கிழமை. பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னதாகவே கணக்கு முடிந்துவிடுகிறது. பலருக்கும் இதுவே முதல் அதிர்ச்சி.

இப்போது டெல்லிக்கு ஒரு பார்சலை எண்ணிப் பார்ப்போம். 9-ம் தேதி மாலை பழனியில் கொடுக்கிறீர்கள். வேன் அன்று இரவே உடுமலை, பொள்ளாச்சி வழியாகக் கோவை போகிறது. 10-ம் தேதி காலை கோவை ஹப்பில் ஊர்வாரியாகப் பிரிக்கிறார்கள். சாதாரண நாளாக இருந்தால் 10-ம் தேதி இரவு லாரி ஏறும். சாலையில் நான்கு நாள். 14 இரவு டெல்லி, 15 காலை அந்தப் பகுதிக் கிளை, அன்றே வீடு. மொத்தம் ஆறு நாள்.

பண்டிகைக் காலத்தில் சாலையில் ஓடும் நேரம் அவ்வளவாகக் கூடுவதில்லை. லாரி அதே நான்கு நாளில்தான் போகும். தாமதமெல்லாம் நின்றுகொண்டிருக்கும் இடங்களில்தான். கோவையில் லாரியில் இடமில்லாமல் ஒரு நாள், டெல்லி ஹப்பில் பிரிக்க ஆளில்லாமல் ஒரு நாள், கிளையில் டெலிவரிப் பையனின் வண்டி நிரம்பி வழிவதால் ஒரு நாள். மூன்று இடத்தில் மூன்று நாள். ஆறு ஒன்பதாகிவிட்டது. 9-ம் தேதி கொடுத்தது 18-ம் தேதி சேருகிறது. எந்த இடத்திலாவது இன்னும் ஒரு நாள் நின்றால் தீபாவளி போச்சு.

ஹப்பில் ஏன் நிற்கிறது என்று கேட்டால், இடமும் ஆட்களும் வருடம் முழுவதும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆன்லைன் கடைகளின் தள்ளுபடி விற்பனைப் பெட்டிகளும், நம் அம்மாக்கள் அனுப்பும் முறுக்கு டின்னும் ஒரே வாரத்தில் ஒரே கதவு வழியாக நுழைகின்றன. மூட்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும்போது கடைசியில் வந்தது மேலே இருக்கும். கைக்கு அதுதான் முதலில் வரும். ‘எனக்கு அப்புறம் ரெண்டு நாள் கழிச்சுக் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர் பார்சல் போயிடுச்சு, என்னோடது இன்னும் போகலை’ என்று சண்டைக்கு வருபவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். அதில் யாருடைய சதியும் இல்லை, அடியில் மாட்டிக்கொண்ட மூட்டை அது.

சென்னைக்குக் கதை வேறு. சாதாரணமாக மறுநாளே சேரும் ஊர். ஹப்பில் ஒரு நாள், கிளையில் ஒரு நாள் என்று கூட்டினால் 15-ம் தேதி மாலை கொடுத்தது 18-ல் சேர்ந்துவிடும். ஆனால் சேரும்போது வீட்டில் ஆள் இருப்பதில்லை! 17 வெள்ளி இரவே பாதிச் சென்னை பஸ் ஏறிவிடுகிறது. சனிக்கிழமை பையன் போய்க் கதவைத் தட்டினால் பூட்டு. சென்னைக்கு அனுப்புகிறவர்கள் தீபாவளித் தேதியைப் பார்க்க வேண்டியதில்லை, பெறுகிறவர் ஊருக்குக் கிளம்பும் தேதியைப் பார்க்க வேண்டும். அவர் வெள்ளி இரவு கிளம்பினால் உங்கள் கடைசித் தேதி 14. சில சமயம் அவர் கிளம்பி வருவதே பழனிக்குத்தான். அதையும் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் சேர்த்து நான் எழுதிய தலைப்புக் குறிப்பு இது:

‘தீபாவளி அக்டோபர் 20, திங்கள். 19 ஞாயிறு டெலிவரி இல்லை. 18 சனிக்குள் சேர வேண்டிய பார்சல்களை மாலை 5 மணிக்குள் கொடுக்க வேண்டிய நாள்: கோவை, மதுரை, திருச்சிக்கு 16 வியாழன், சென்னை, பெங்களூருக்கு 15 புதன், டெல்லி போன்ற வட மாநில ஊர்களுக்குத் தரைவழியில் 9 வியாழன். இந்தத் தேதியில் கொடுத்தால் சேர வாய்ப்பு அதிகம், உறுதி இல்லை. பிறகு கொடுப்பவை பண்டிகை கழிந்து சேரலாம். பெறுபவர் ஊரில் இருப்பாரா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.’

எங்கள் முதலாளி படித்துவிட்டு, “ஏம்மா, ‘உறுதி இல்லை’ன்னு நாமளே எழுதினா, எதிர்த்த கடைக்குப் போயிட மாட்டாங்களா?” என்றார். அவர் பயம் நியாயமானது. தீபாவளி, பொங்கல் வாரங்களின் வரும்படிதான் அவருக்கு மழைமாதத்தை ஓட்டித் தருகிறது.

“அண்ணா, எதிர்த்த கடையிலிருந்து போகிற மூட்டைக்கும் இதே கூட்டம்தானே?” என்றேன். வெளிநாட்டில் எப்படி எழுதுகிறார்கள் என்றும் போனில் காட்டினேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் பிரிட்டனின் ராயல் மெயில் ஒவ்வொரு வருடமும் தேதிப் பட்டியல் வெளியிடும். அதில் ‘பரிந்துரைக்கப்படும் கடைசித் தேதி’ என்றுதான் இருக்கும். அமெரிக்க அஞ்சல் துறையும் தன் பட்டியலில் இது உத்தரவாதம் அல்ல என்று குறித்துவிடுகிறது. அவ்வளவு பெரிய இடங்களே அப்படி எழுதும்போது அடிவாரத்துக் கடைக்கு என்ன? அவர் ஒரு நிமிடம் யோசித்து, “சரி, அன்பு சேரட்டும்கிற வரியை மட்டும் மேல வச்சுடு” என்றார். வைத்தேன்.

13-ம் தேதி திங்கட்கிழமை, நெய்க்காரப்பட்டியிலிருந்து ஓர் அம்மா பெரிய அட்டைப் பெட்டியோடு வந்தார். மகளுக்குத் தலைதீபாவளி. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காததால் இருவரும் டெல்லியிலேயே இருக்கிறார்கள். பெட்டிக்குள் பட்டுப்புடவை, பட்டு வேட்டி, முறுக்கு, அதிரசம், லேகியம், ஒரு டப்பா பஞ்சாமிர்தம்.

“கண்ணு, எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை. அன்னிக்குப் புதுத்துணி உடுத்தணும்” என்றார்.

தரைவழிக்கு நான்கு நாள் தாமதம். மொத்தத்தையும் விமானத்தில் போடலாம் என்றால், விமானப் பார்சலில் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வருவதையும் பார்த்து, இரண்டில் எது அதிகமோ அதற்குக் காசு வாங்குவோம். அந்தப் பெட்டி 40, 30, 30. பெருக்கினால் 36,000. வகுத்தால் 7.2 கிலோ. தராசில் வைத்தால் நாலு கிலோகூட இல்லை. முறுக்குக்கு நடுவில் இருக்கும் காற்றுக்கும் சேர்த்து விமான டிக்கெட்! தவிர, லேகியமும் பஞ்சாமிர்தமும் கசிந்தால் பட்டின் கதி என்ன?

பெட்டியைப் பிரிக்கச் சொன்னேன். துணி மட்டும் தட்டையான கவரில், ஒன்றரைக் கிலோ, விமானத்தில். தின்பண்டம் பெட்டியோடு தரைவழியில். “தின்பண்டம் தீபாவளிக்கு வராதும்மா. 22, 23 ஆகும். இப்பவே பொண்ணுகிட்டச் சொல்லிடுங்க” என்றேன். அவர் முகம் வாடியது. கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் மகளுக்குப் போன் போட்டு, “பலகாரம் லேட்டாத்தான் வருமாம். நீ அங்க ஏதாச்சும் ஸ்வீட் வாங்கி சாமிக்கு வையி” என்றார். அந்தப் போன் 13-ம் தேதியே போனது எனக்கு நிம்மதியாக இருந்தது. 20-ம் தேதி காலையில் போயிருந்தால் இரண்டு பக்கமும் அழுகைதான்.

துணி 17-ல் சேர்ந்தது. பெட்டி 23-ல். லேகியம் தீபாவளிக்கு மூன்று நாள் கழித்து வந்ததைப் பற்றி, “சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கு, ரெண்டு பேருக்கும் வயிறு சரியில்லையாம்” என்று அந்த அம்மாவே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அமெரிக்காவுக்கு அனுப்ப வந்தவர்களுக்குப் போன தீபாவளி இன்னும் சோதனை. 800 டாலர் வரையிலான பொருள்களுக்கு இருந்த சுங்க வரி விலக்கை அந்த நாடு ஆகஸ்ட் 29-லிருந்து நீக்கியது. அதனால் நம் அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதல் அங்கே பார்சல் வாங்குவதை நிறுத்தி, அக்டோபர் 15-ல்தான் மறுபடி ஆரம்பித்தது. தீபாவளிக்கு ஐந்து நாள்! ‘தொடங்கிவிட்டது’ என்ற செய்தியைப் பார்த்துவிட்டு, இனி சேர்ந்துவிடும் என்று நம்பியவர்கள் நிறைய பேர். வழி திறந்த தேதி வேறு, சேரும் தேதி வேறு.

அனுப்பியபின் போனில் நிலவரம் பார்க்கிறவர்களுக்கு ஒன்று. ஹப் பெயருக்கு நேராக In Transit என்று இரண்டு நாள் மாறாமல் நின்றால், பண்டிகைக் காலத்தில் அது வரிசையில் இருக்கிறது என்று அர்த்தம், பதற வேண்டாம். ஆனால் கொடுத்த மறுநாள் மாலை வரை Booked என்ற ஒரே வரி மட்டும் இருந்தால், மூட்டை எங்கள் ஊரை விட்டே கிளம்பாமல் இருக்கலாம். அப்போது ரசீதோடு உடனே வாருங்கள். மூட்டை இங்கேயே இருக்கும்போதுதான் எங்களால் கையை விட்டுத் தேட முடியும். Out for delivery என்று காலையில் வந்து, மாலையில் மறுபடி கிளைக்கே திரும்பியிருந்தால் பெறுபவரின் போன் எண்ணைச் சரிபாருங்கள். பூட்டிய வீடும் எடுக்காத போனும்தான் பெரும்பாலும் காரணம்.

இப்போது தைப்பூசத்துக்கான குறிப்பை எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த வருடம் பிப்ரவரி 1, ஞாயிறு. தீபாவளிக்கு எல்லா ஊரிலும் நெரிசல் என்றால், தைப்பூசத்துக்குப் புறப்படும் ஊரில் மட்டும்தான் நெரிசல். திண்டுக்கல் சாலை முழுக்கக் காவடியும் பாதயாத்திரையும். எங்கள் வேன் வழக்கமான நேரத்துக்கு ஊருக்குள் வந்து திரும்ப முடியாது. வெளியூர்ப் பக்தர்கள் பஞ்சாமிர்த டப்பாக்களை வாங்கி, சுமக்க முடியாமல் எங்களிடம் கொண்டுவருவதும் அந்த நாள்களில்தான். சேர வேண்டிய தேதி என்று எதுவும் இல்லாததால் தேதிக் கணக்கே வேண்டாம், மணி மட்டும் போதும். ஜனவரி 29 முதல் 31 வரை மாலை 5 மணிக்குப் பதில் மதியம் 2 மணிக்கே புக்கிங் முடியும், அதன்பின் வருபவை திங்கட்கிழமை வேனில்தான் ஏறும் என்று எழுதியிருக்கிறேன். முதலாளி இந்த முறை எதையும் மாற்றச் சொல்லவில்லை. மேலே ‘அரோகரா’ மட்டும் சேர்க்கச் சொன்னார்.