ஒரு சின்னப் புத்தகம்

என் மனைவி தமிழாசிரியை. அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. பீரோவில் ஒரு நோட்டுப் புத்தகம், அதில் நாற்பத்தோரு கவிதைகள். அதைப் புத்தகமாக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். என் தமிழ் அலுவலகக் கோப்பில் கற்ற தமிழ். இருந்தபோது என் கடிதங்களையெல்லாம் அவள்தான் திருத்துவாள். இப்போது அவள் எழுத்துக்கு நான் பிழை பார்க்க வேண்டும்.

கள்ளக்குறிச்சியில் ஒரு டி.டி.பி. கடையில் கொடுத்தேன். தட்டச்சு செய்த பெண் கெட்டிக்காரி. ஆனால் நோட்டில் பாதி பழைய எழுத்து. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்தவர்கள் நாங்கள்; அதற்குப் பிறகும் என் மனைவி ‘லை’யைத் தும்பிக்கை போட்டே எழுதினாள். “இது என்ன எழுத்து சார்?” என்று அந்தப் பெண் கேட்டாள். எழுதிக் காட்டினேன்.

முதல் படி வந்ததும், அலுவலகத்தில் நகலை ஒப்பிடுவது போல, ஒருவர் வாசிக்க ஒருவர் பார்ப்பது என்று ஏற்பாடு. கொழுந்தியாள் நோட்டை வாசித்தாள், நான் அச்சைப் பார்த்தேன். விட்டுப்போன வரி, இரண்டு முறை வந்த சொல் எல்லாம் இதில் அகப்பட்டன. ஆனால் ‘வாளைத் தோப்பு’ அகப்படவில்லை. கொழுந்தியாள் வாயில் வாழையும் வாளைதான்! ஆகவே ல, ள, ழ வரும் சொற்களுக்கென்று தனியாக ஒருமுறை, யாரும் வாசிக்காமல், நோட்டையும் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

ஒற்றுதான் என்னை அதிகம் படுத்தியது. மகன் சென்னைக்குப் போனதைப் பற்றிய கவிதையில் ‘வேலை தேடி’ என்று அவள் எழுதியிருந்தாள். அந்தப் பெண் ஒரு ‘த்’ சேர்த்து ‘வேலைத் தேடி’ ஆக்கிவிட்டாள். பிள்ளை உத்தியோகம் தேடாமல் முருகனின் வேலைத் தேடிப் புறப்பட்டுவிட்டான்! அதிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன். நோட்டில் இல்லாத ஒற்றை நாமாகச் சேர்ப்பதில்லை. சந்தேகம் வந்தால் பென்சிலால் ஓரத்தில் சுழித்து, அவளோடு வேலை பார்த்த தமிழாசிரியரிடம் காட்டுவது. பதினோரு இடம் காட்டினேன். நான்கில் போடச் சொன்னார்.

மூன்றாவது படியில் வேறொன்று. ‘மௌனம்’ அவளுக்குப் பிடித்த சொல், எப்படியும் ஆறேழு இடத்தில் வரும். கணினியில் தேடச் சொன்னேன். இரண்டுதான் கிடைத்தது. தாளில் எண்ணினால் ஏழு. மற்ற ஐந்திலும் ‘மெ’ போட்டு, பக்கத்தில் ‘ள’ போட்டு ‘மெளனம்’ என்று அடித்திருக்கிறது. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. அந்தச் சொல்லில் ‘ன’வுக்கு முன்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒரு தடவை தட்டினால் ‘ம’ மிஞ்சினால் சரி. ‘மெ’ மிஞ்சினால் தப்பு. கண்ணால் பிடிக்க முடியாத பிழை இது. ‘கௌரவம்’, ‘பௌர்ணமி’ எல்லாவற்றையும் இப்படியே தேடித் திருத்தினோம். ‘ர’வும் துணைக்காலும் இப்படித்தான் ஏமாற்றும். அதனால் எழுத்துரு தேர்ந்தெடுக்கும்போது அழகைப் பார்க்கவில்லை. ‘ர’வின் அடியில் வால் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்தேன். பிழை பார்க்கும் படியை மட்டும் 16 பாயிண்டில் எடுத்துக்கொண்டேன்.

அளவு டெமி. கிரௌனில் போட்டால் செலவு குறையும், கைக்கும் அடக்கம். ஆனால் அவள் வரிகள் நீளம். டெமியிலேயே 11 பாயிண்டில் ஒரு வரிக்கு ஐந்தாறு சொல்தான் கொள்கிறது. மிச்சச் சொல் கீழே இடது ஓரத்தில் விழுந்தால் அது புதுவரி போலத் தெரியும், கவிதையே மாறிவிடும். பிரெஞ்சுக் கவிதைப் புத்தகங்களில் மிச்சத்தை வலது ஓரத்துக்குத் தள்ளி, முன்னால் ஒரு சதுர அடைப்புக்குறி போடுவார்கள். அந்தப் பெண்ணிடம் சொன்னேன். “அடைப்பு மூடலையே சார், அச்சுப்பிழைன்னு நினைப்பாங்க” என்றாள். நியாயம்தான். குறியை விட்டுவிட்டு, வலது ஓரம் தள்ளுவதை மட்டும் வைத்துக்கொண்டோம். 64 பக்கம், நான்கு பாரம். முதுகு மூன்று மில்லிமீட்டர் கூட வராது போலிருக்கிறது, அதில் எழுத்துப் போடவில்லை.

அட்டைக்குப் பேரன் கல்வராயன் மலைப் படம் ஒன்று அனுப்பினான். பச்சைப் பசேல் என்று அழகாகத்தான் இருந்தது. தலைப்பு அதற்குள் மூழ்கிப்போயிற்று. கடைசியில் நோட்டின் முதல் பக்கத்தையே அட்டையாக்கினேன். செல்போனில் எடுத்தது சாம்பல் பூத்து வந்தது. 600 புள்ளி அடர்த்தியில் கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்ததும் மைக்கோடு உயிரோடு நின்றது. அதில் ஒரு சொல்லை அவள் அடித்துத் திருத்தியிருக்கிறாள். அதை அழித்துச் சுத்தமாக்கித் தரட்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள்.

வேண்டாம் என்றேன்.