அவர் இல்லாத மாதங்களின் கணக்கு

"எவ்வளவுக்கு இன்ஷூரன்ஸ் போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டால், எங்கள் பக்கத்துப் பெண்கள் பெரும்பாலும் பிரீமியத் தொகையைத்தான் சொல்வார்கள். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து அதைக் கட்டுவது அவர்கள்தானே. நாளை கணவர் இறந்துவிட்டால் கைக்கு வரும் தொகை என்ன, அது எத்தனை மாதம் தாங்கும் என்பதை யாரும் அவர்களிடம் சொல்லியிருப்பதில்லை.

என் தங்கை கவரைப்பேட்டையில் இருக்கிறாள். அவள் கணவருக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் வேலை. மாதச் சம்பளம் 30,000 ரூபாய், வயது 34. பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு நான்கு. ஆண்டுக்கு 25,000 ரூபாய் பிரீமியத்தில் இருபது வருட எண்டோமென்ட் பாலிசி ஒன்று போட்டிருந்தார்கள். பாலிசித் தொகை 5 லட்சம். "பணமும் திரும்ப வரும், பாதுகாப்பும் இருக்கும்" என்று சொல்லி விற்றிருந்தார்கள்.

ஒரு நாள் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். சம்பளத்தில் வீட்டுக்கடன் தவணை 5,000. அவருடைய பெட்ரோல், டீ, சாப்பாடு எல்லாம் சேர்த்து 5,000. மிச்சம் 20,000தான் வீடு. அவர் இல்லாவிட்டாலும் இந்த 20,000 மாதாமாதம் வேண்டும். சின்னவனுக்கு 22 வயதாகும்வரை பதினெட்டு வருடம். வருடத்துக்கு 2.4 லட்சம் என்றால் 43.2 லட்சம். வங்கியில் போட்டு வைக்கும் பணத்தின் வட்டி விலைவாசி ஏற்றத்தோடு சரியாகப் போய்விடும் என்று வைத்துக்கொண்டு, வெறும் பெருக்கல்தான் போட்டோம். அத்துடன் கடன் பாக்கி 5 லட்சம், இருவரின் கல்லூரிப் படிப்புக்கு 4 லட்சம். மொத்தம் 52.2 லட்சம்.

கையிலிருந்த பாலிசி 5 லட்சம், கூடவே அதுவரை சேர்ந்த போனஸ். "கடனை அடைச்சா தீர்ந்துடும். அடுத்த மாசம் அரிசிக்கு என்னக்கா பண்றது?" என்றாள்.

அந்தத் தொகையிலிருந்து எதைக் கழிக்கலாம் என்பதிலும் கவனம் வேண்டும். பி.எஃப். உள்ள தொழிலாளி பணியில் இருக்கும்போது இறந்தால், இ.டி.எல்.ஐ. திட்டத்தில் அதிகபட்சம் 7 லட்சம் வரை கிடைக்கும். ஆனால் வேலை போய்விட்டால் அதுவும் போய்விடும். "நீதான் வேலைக்குப் போவாயே, அந்தச் சம்பளத்தைக் கழித்துக்கொள்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவள் எட்டு மணிநேரம் கம்பெனியில் நின்றால், இப்போது கூலியில்லாமல் அவள் செய்யும் சமையலையும் பிள்ளை வளர்ப்பையும் யார் செய்வது? அதற்கும் பணம் கொடுக்க வேண்டும். நாங்கள் இரண்டையுமே கழிக்கவில்லை. 50 லட்சம் என்று முடிவு செய்தோம்.

டேர்ம் பாலிசி என்றால் உயிருக்கு மட்டுமான பாதுகாப்பு. காலம் முடியும்வரை உயிரோடு இருந்தால் ஒரு ரூபாயும் திரும்பாது. அதனால்தான் விலை குறைவு. புகைப்பழக்கம் இல்லாத அவருக்கு 50 லட்சத்துக்கு ஆண்டுக்கு 9,000 ரூபாய் அளவில் சொன்னார்கள். "காசு திரும்ப வராதா?" என்று அவர் முகம் சுளித்தார். அதையும் கணக்குப் போட்டோம். எண்டோமென்டில் போனஸ் ஆயிரத்துக்கு ஆண்டுக்கு 45 ரூபாய் என்று வைத்தால், இருபது வருடம் கழித்து 9.5 லட்சம் வரும். ஆண்டுக்கு ஆறு சதவீதத்துக்கும் குறைவான வளர்ச்சி. டேர்ம் போக மீதி 16,000ஐ பி.பி.எஃப்.பில் போட்டால், 7.1 சதவீத வட்டி அப்படியே நீடித்தால், 7.1 லட்சம். 2.4 லட்சம் குறைவுதான். அந்தக் குறைவுக்கு ஈடாக இருபது வருடமும் 45 லட்சம் கூடுதல் பாதுகாப்பு இருக்கிறது. கலந்து வாங்கும்போது இரண்டுமே அரைகுறையாகிவிடுகின்றன. மில் இரண்டு மாதம் மூடினால் சேமிப்பை நிறுத்தி வைக்கலாம், 9,000ஐ மட்டும் கட்டலாம். எண்டோமென்டில் முழு 25,000ஐயும் கட்டியாக வேண்டும். மூன்றாம் வருடத்தில் விட்டால், அவர்களுடைய பழைய பாலிசிக்கு விதிப்படி உறுதியான சரண்டர் தொகை, கட்டியதில் 35 சதவீதம்தான்.

புதுப் பாலிசி கைக்கு வந்த பிறகே பழையதை விடுவது பற்றி யோசிக்க வேண்டும். விண்ணப்பத்தில் குடி, புகை, சர்க்கரை எதையும் மறைக்கக் கூடாது. மறைத்தால் முதல் மூன்று வருடத்துக்குள் அதைக் காரணம் காட்டிப் பணத்தை மறுக்க முடியும். சம்பளச் சீட்டு இல்லாத ஒப்பந்தத் தொழிலாளிக்கு டேர்ம் கிடைப்பது கடினம். அவருக்கு வங்கிக் கணக்கு வழியாக வருடம் 436 ரூபாயில் பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டம் உண்டு. ஐம்பது வயதுக்குள் சேர வேண்டும். கிடைப்பது 2 லட்சம்தான்.

வாங்கும்போதே கேட்க வேண்டியது இன்னொன்று, 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம். அதன் ஆறாவது பிரிவின்படி மனைவி, பிள்ளைகள் பெயரில் எழுதப்படும் பாலிசி அவர்களுக்கான அறக்கட்டளை ஆகிறது. கணவரின் கடன்காரர்கள் அந்தப் பணத்தில் கை வைக்க முடியாது. அவரே நினைத்தாலும் பிறகு வேறு பெயருக்கு மாற்ற முடியாது. இதற்கென்று தனிப் படிவம் உண்டு. கேட்காவிட்டால் பெரும்பாலும் நீட்ட மாட்டார்கள். தங்கை கேட்டு வாங்கி, பிள்ளைகள் இருவரின் பெயரோடு தன் பெயரையும் எழுதச் செய்தாள்.